உங்களுக்குத் தெரியுமா? ரயில் சலுகைக்குச் சான்று ஏன் தனி?

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை இந்திய ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அவர்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது. அதற்கு வயதுச் சான்று போதும். ஊருக்குப் போகும் மாணவருக்குக் கல்வி நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் வேண்டும். மாற்றுத்திறனாளிக்கோ அரசு மருத்துவர் ரயில்வே படிவத்தில் தரும் சான்றிதழும், அதை வைத்து ரயில்வே வழங்கும் புகைப்பட அடையாள அட்டையும் வழக்கமாகத் தேவை.

“குறைபாடு கண்ணுக்கே தெரிகிறதே, தனிச் சான்று எதற்கு?” என்று கேட்பது நியாயம்தான். ஆனால், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவருக்குச் சலுகை கிடைப்பது, துணையின்றிப் பயணிக்க முடியாத நிலையில்தான். பொதுவான சான்றிதழ் இதைச் சொல்லாது. ரயில்வே படிவம் சொல்லும். அதனால்தான் உடன் வருபவருக்கும் அதே சலுகை உண்டு. படுக்கை வகுப்பில் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்றால், 75 சதவீதம் கழித்து ஆளுக்கு 100 ரூபாய். இருவருக்கும் 600 ரூபாய் மிச்சம். முன்பதிவுக் கட்டணம் குறையாது. பயணத்தின்போது அசல் சான்றைக் கையில் வைத்திருங்கள்.