ஸ்டாப் லாஸை அவசரப்பட்டு காஸ்ட்டுக்கு நகர்த்தினா என்ன ஆகும்?

சிங்காநல்லூர்ல இருந்து இந்த வார எபிசோட். போன வாரம் ஒண்டிப்புதூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, நான் வாங்குற பங்கு பாதி நேரம் நான் சொன்ன பக்கம்தான் போகுது. ஆனா மாசக் கடைசில பார்த்தா கையில ஒண்ணும் நிக்கறதில்ல, புரோக்கரேஜ் மட்டும் போயிருக்கு." அவரோட ட்ரேட் லிஸ்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வரிசையா ஜீரோ. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, ஆயிரம் ரூபாய்க்கே வெளிய வந்திருக்கார். இதைத்தான் ஸ்க்ராட்ச் ட்ரேட்ன்னு சொல்றாங்க. லாபமும் இல்ல, நட்டமும் இல்ல, கட்டணம் மட்டும் உண்டு.

காரணம் ஒரே ஒரு பழக்கம். டெலிகிராம் குரூப்ல இருக்கறவங்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமா இருக்கும்: "எஸ்எல்லை காஸ்ட்டுக்குக் கொண்டு வாங்க, இனி இது ஃப்ரீ ட்ரேட்." விலை நம்ம பக்கம் கொஞ்சம் நகர்ந்ததுமே ஸ்டாப் லாஸை வாங்கின விலைக்கே ஏத்தி வெச்சுடறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. இதுல என்ன காசு போகுதுன்னு ஒரு உதாரணத்தை வெச்சே முழுசா பார்த்துடலாம்.

ஒரு பங்கு, பேர் வேண்டாம். காலைல 1,000 ரூபாய்ங்கற லெவலைத் தாண்டுது, நீங்க 200 பங்கு இன்ட்ராடேல வாங்கறீங்க. ஸ்டாப் லாஸ் 990, டார்கெட் 1,020. அதாவது பங்குக்கு 10 ரூபாய் பணயம் வெச்சு 20 ரூபாய்க்கு ஆசைப்படறீங்க. விலை 1,005 தொடுது. மனசு கேக்கல. ஸ்டாப்பை 1,000க்கு ஏத்திடறீங்க. பதினஞ்சு நிமிஷத்துல விலை 999.50க்கு இறங்கி உங்களை வெளிய தள்ளிட்டு, மத்தியானம் 1,020 போயிடுது.

இப்ப ஒரு கேள்வி. விலை திரும்ப 1,000க்கு வந்து நிக்குது. காலைல இதே 1,000ல வாங்கலாம்னு ஒரு காரணத்தோட முடிவு பண்ணுனீங்க. அந்தக் காரணம் இன்னும் உடையல, 990ல வெச்ச ஸ்டாப்பும் அடிபடல. அப்படின்னா நீங்க நிக்கறது காலைல நின்ன அதே இடம். காலைல வாங்கத் தகுந்த விலை, இப்ப மட்டும் எப்படி விக்கற விலை ஆச்சு? நடுவுல 5 ரூபாய் ஏறி இறங்குச்சு, உங்க மனசுல ஒரு பயம் வந்துச்சு. அவ்வளவுதான் மாறியிருக்கு.

இதைக் கணக்காவே போட்டுடலாம். நம்ம ஆளுங்க நிறைய பேர் ஐடில இருக்கறதால ஒரு சின்ன பைத்தான் ஃபங்ஷன்:

```python
import random

def trade(move_at=None, p=0.5):
    x, stop = 0, -10
    while stop < x < 20:
        x += 1 if random.random() < p else -1
        if move_at and x >= move_at:
            stop = 0
    return x
```

விலை ஒவ்வொரு அடியும் ஒரு ரூபாய் ஏறும், இல்லன்னா இறங்கும். `move_at=5`ன்னு குடுத்தா 5 ரூபாய் லாபம் வந்ததும் ஸ்டாப் காஸ்ட்டுக்கு வந்துடும். ஒரு லட்சம் தடவை ஓட்டிப் பாருங்க. ஓட்டாமலே பேப்பர்லயும் போடலாம், காலேஜ்ல படிச்ச பழைய "சூதாடியின் அழிவு" கணக்குதான் இது.

`p=0.5`, அதாவது நாணயம் சுண்டற மாதிரி, உங்க கிட்ட எந்தத் திறமையும் இல்லன்னு வெச்சுக்கங்க. ஸ்டாப்பை நகர்த்தாட்டி 100 ட்ரேட்ல 33 ஜெயிக்கும், 67 தோக்கும். 5 ரூபாயில காஸ்ட்டுக்கு நகர்த்தினா 17 ஜெயிக்கும், 33 தோக்கும், 50 ஸ்க்ராட்ச். ரெண்டுலயும் சராசரி லாபம் பூஜ்யம்தான். அதாவது திறமை இல்லாதவருக்கு இந்தப் பழக்கத்தால கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல. அடி வாங்கறது திறமை இருக்கறவர்.

`p=0.51` போடுங்க. நூத்துக்கு ஒண்ணுதான் கூடுதல், ஆனா அந்தச் சின்ன சாய்வே பெரிய விஷயம். நகர்த்தாம விட்டா 100 ட்ரேட்ல 47 வெற்றி, 53 தோல்வி. பங்குக்கு சராசரியா 4.15 ரூபாய் லாபம். 5 ரூபாயில காஸ்ட்டுக்கு நகர்த்தினா 24 வெற்றி, 27 தோல்வி, 49 ஸ்க்ராட்ச். சராசரி லாபம் 2.12 ரூபாய். கிட்டத்தட்ட பாதி காணோம்.

எங்க போச்சு? அந்த 49 ஸ்க்ராட்ச் ட்ரேடுக்குள்ள போய்ப் பாருங்க. பழைய ஸ்டாப்பிலேயே விட்டிருந்தா அதுல 26 தோத்திருக்கும், 23 ஜெயிச்சிருக்கும். 26 தோல்வியைத் தவிர்த்ததால 200 பங்குக்கு 52,000 ரூபாய் மிச்சம். 23 வெற்றியை விட்டுட்டதால 92,000 ரூபாய் போச்சு. நிகரமா 40,000 ரூபாய் நட்டம், 100 ட்ரேடுக்கு.

இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா, லிஸ்ட்டைப் பார்த்தா நீங்க முன்னேறின மாதிரியே தெரியும். தோல்வி 53ல இருந்து 27 ஆயிடுச்சு! சிவப்பு பாதியா குறைஞ்சிருக்கு. போன 23 வெற்றி எங்கயும் சிவப்பா தெரியாது, ஜீரோன்னு சாதுவா உக்காந்திருக்கும். "ஆனா ஏத்த இறக்கம் குறையுதே, அது நல்லதுதானே"ன்னு கேட்கலாம். குறையுது, உண்மைதான். ஒரு ட்ரேடோட சிதறல் சுமார் 15 ரூபாயில இருந்து 11க்கு வருது. ஆனா லாபம் பாதியாகுது. நிம்மதிதான் வேணும்னா 200 பங்குக்குப் பதிலா 140 வாங்கினா போதும், அதே நிம்மதி இதைவிட மலிவா கிடைக்கும்.

இன்னொண்ணு, காஸ்ட்டுல வெளிய வந்தா காசு போகலன்னு சொல்றதே தப்பு. ஆயிரம் ரூபாய்க்கு 200 பங்கு வாங்கி அதே விலைக்கு விக்கறீங்க. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கற டிஸ்கவுன்ட் புரோக்கர்ன்னா ரெண்டு ஆர்டருக்கு 40. விக்கும்போது எஸ்டிடி 0.025 சதவீதம், அது 50 ரூபாய். வாங்கும்போது ஸ்டாம்ப் டூட்டி 6 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 12, ஜிஎஸ்டி 9 சொச்சம். மொத்தம் ஏறத்தாழ 117 ரூபாய், பங்குக்கு 59 பைசா. மேல இருக்கற கணக்குல இதைக் கழிச்சா 4.15 என்பது 3.56 ஆகும், 2.12 என்பது 1.53 ஆகும். இதுல ஸ்லிப்பேஜ் சேர்க்கவே இல்ல. ட்ரிகர் 1,000ல அடிச்சா மார்க்கெட் ஆர்டர் 999.40லயும் முடியலாம்.

செபி 2024 ஜூலைல வெளியிட்ட இன்ட்ராடே ஆய்வு ஞாபகம் இருக்கா? 2022-23ல பங்குச் சந்தையில இன்ட்ராடே பண்ணுன தனிநபர்கள்ல பத்துல ஏழு பேர் நட்டம். எல்லாரும் அந்த வரியோட நிறுத்திட்டாங்க. எனக்கு அடுத்த வரிதான் முக்கியமா பட்டுச்சு: நட்டப்பட்டவங்க, அந்த நட்டத்துக்கு மேல இன்னொரு 57 சதவீதம் அளவுக்கு ட்ரேடிங் செலவாவே கட்டியிருக்காங்க. ஸ்க்ராட்ச் ட்ரேட் நேரா வந்து சேர்ற கணக்கு அதுதான்.

சரி, ஏன் விலை இப்படி அடிக்கடி என்ட்ரிக்கே திரும்பி வருது? யாரோ உங்க ஸ்டாப்பை வேட்டையாடறாங்கன்னு நினைக்க வேண்டாம். ரெண்டு சாதாரண காரணம் இருக்கு. ஒண்ணு, 5 ரூபாய்ங்கறது அந்தப் பங்கோட மூச்சு அளவுதான். இதை அளக்க ஏடிஆர் இருக்கு. ஜே. வெல்ஸ் வைல்டர்னு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் 1978ல புத்தகமா போட்டது. ஒவ்வொரு கேண்டிலும் எவ்வளவு தூரம் அலையுதுங்கறதோட சராசரி. பதினஞ்சு நிமிஷ கேண்டில்ல ஏடிஆர் 6 ரூபாய்ன்னா, 5 ரூபாய் ஏத்தம் ஒரே கேண்டிலுக்குள்ள வந்து போற சத்தம். பஸ் ஸ்டாண்டு கேட்டைத் தாண்டினதுமே மதுரை வந்துடுச்சுன்னு பையை எடுக்கற மாதிரி.

ரெண்டாவது காரணம் பிரேக்அவுட் ட்ரேடுக்கே உரியது. 1,000ஐத் தாண்டினதும் வாங்கினீங்க. தாண்டின லெவலை விலை திரும்ப வந்து ஒரு தடவை தொட்டுட்டுப் போறது ரொம்ப சகஜம், ரீடெஸ்ட்ன்னு அதுக்குப் பேரே இருக்கு. லேட்டா வர்றவங்க வாங்கக் காத்திருக்கற இடமும் அதே 1,000தான். சரியா அங்க நீங்க விக்கற ஆர்டர் போட்டு வெச்சிருக்கீங்க.

அப்ப ஸ்டாப்பை நகர்த்தவே கூடாதான்னா, அப்படி இல்லீங்க. நீங்க எந்த விலைக்கு வாங்கினீங்கன்னு சந்தைக்குத் தெரியாது, அதனால உங்க விலையை வெச்சு நகர்த்தக் கூடாது. விலை 1,012 போய், 1,004 வரை இறங்கி, திரும்ப 1,012ஐத் தாண்டிடுச்சுன்னா, இப்ப 1,004ங்கறது சந்தையே காட்டின ஒரு அடித்தளம். அது உடைஞ்சா உங்க காரணமும் உடைஞ்சது. ஸ்டாப் 1,003க்கு வரலாம். காஸ்ட்டைத் தாண்டியே வருது பாருங்க. இதே மாதிரி, உங்க செட்அப்பே "என்ட்ரிக்குத் திரும்பி வந்தா இது செத்துடுச்சு"ங்கற வகைன்னா, உதாரணமா ஒரு நியூஸ் வந்து ஒரே வேகத்துல ஓட வேண்டிய ட்ரேட்ன்னா, காஸ்ட் ஸ்டாப் நியாயம்தான். நம்ம கணக்கு, விலை திரும்பி வர்றதுல புதுசா எந்தத் தகவலும் இல்லன்னு வெச்சுப் போட்டது. அங்க தகவல் இருக்கு.

லேட்டா நகர்த்தினா செலவு குறையுமான்னு கேட்டா, ஆமா. அதே `p=0.51`ல `move_at=10` போட்டா ஸ்க்ராட்ச் 24 ஆகுது, சராசரி லாபம் 3.16. 5ஐ விட எவ்வளவோ தேவலாம், இருந்தாலும் தொடாம விட்ட 4.15க்குக் கீழதான்.

உங்க சொந்த ட்ரேடுல இது எப்படின்னு தெரிஞ்சுக்க தம்பிக்குச் சொன்னதையே சொல்றேன். ஸ்க்ராட்ச் ஆன ட்ரேடை மட்டும் ஷீட்ல தனியா எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் அன்னிக்குச் சார்ட்டைத் திறந்து, நீங்க வெளிய வந்த நிமிஷத்துல இருந்து 3:15 வரைக்கும் பாருங்க. பழைய ஸ்டாப் 990 முதல்ல அடிபட்டுச்சா, 1,020 முதல்ல வந்துச்சா? ஒரே காலம்ல எழுதினா போதும். 10க்கு 20ங்கற கணக்குல, மூணுல ஒண்ணுக்கு மேல டார்கெட்டைத் தொட்டிருந்தா இந்தப் பழக்கம் உங்க காசைத் தின்னுது. மூணுல ஒண்ணுக்குக் கீழன்னா அது உங்களைக் காப்பாத்துது, ஆனா அப்ப உங்க என்ட்ரி மேலதான் சந்தேகப்படணும். ரெண்டுமே தொடலன்னா 3:15 விலையைப் போட்டு லாப நட்டம் எழுதுங்க. பத்து ட்ரேடை வெச்சு முடிவு பண்ணாதீங்க. முப்பது நாப்பதாவது சேரட்டும். தம்பி இப்பதான் பதினாலு வரைக்கும் எழுதியிருக்கார், அதுல ஆறு டார்கெட் பக்கம். மீதியும் எழுதி முடிச்சதும் அந்த ஷீட்டை வெச்சே அடுத்த எபிசோட்ல பேசறோம்.