19ஆம் தேதி இரவு நெட் ஏன் படுத்தது?

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாதம் 799 ரூபாய், வேகம் 100 மெகாபிட். விளம்பர நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தார்கள். போன வருடம் ஒரு மாதம் 19ஆம் தேதி இரவு, மகள் கல்லூரி வேலைக்காக 4 ஜிபி அளவுள்ள ஒரு மென்பொருளை இறக்க உட்கார்ந்தாள். திரையில் ‘மீதம் 4 மணி 25 நிமிடம்’ என்று வந்தது. முந்தின வாரம் அதே அளவு கோப்பு ஐந்து நிமிடத்தில் இறங்கியிருந்தது. “அப்பா, வைஃபை ஏதோ ஆயிடுச்சு” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, ‘நெட் ரொம்ப ஸ்லோ’ என்று புகார் சொன்னேன். நான் செய்த தவறு அந்த ஒரு வார்த்தைதான். ‘ஸ்லோ’ என்றால் அவர்கள் கணக்கில் அது லைன் பழுது. மாலையில் ஒரு தம்பி வந்தார். சுவரோரம் வரும் மெல்லிய ஃபைபரைக் கழற்றிக் கையடக்கக் கருவியில் செருகிப் பார்த்தார். மைனஸ் 19 என்று காட்டியது. “லைட் நல்லா வருது சார், லைன்ல குறையே இல்ல” என்றார். அவர் சொன்னது உண்மை. வெளிச்சத்தின் அளவு அந்த எல்லைக்குள் இருந்தால் கம்பியில் கோளாறு இல்லை. ஒரு மணி நேரத்தில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. நெட் அப்படியேதான் இருந்தது.

வீட்டில் நெட் மெதுவாவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு லேன் கேபிளும் ஒரு நாள் பொறுமையும் போதும். வைஃபைதான் குறை என்றால் அறைக்கு அறை வேகம் மாறும். ரவுட்டரில் கேபிளை நேராகச் செருகியதும் வேகம் ஏறிவிடும். தெருவில் நெரிசல் என்றால் இரவு எட்டு மணிக்குப் படுத்து, விடியற்காலையில் எழுந்துகொள்ளும். நிறுவனமே வேகத்தைக் குறைத்திருந்தால் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒரே எண்தான் வரும். நான் கேபிளைச் செருகி இரவு எட்டு மணிக்கும், நள்ளிரவு இரண்டுக்கும், காலை ஆறுக்கும் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். மூன்று முறையும் 1.9 மெகாபிட். பழுதான லைன் இப்படி அளந்து வைத்தாற்போல ஓடாது. இதற்கு மேலும் ஒரு சாட்சி பில் தேதி. அடுத்த மாதம் 1ஆம் தேதி பிறந்ததும் யாரும் தொடாமலே வேகம் 95க்குத் திரும்பிவிட்டது.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோது விஷயம் புரிந்தது. மாதம் 1000 ஜிபி வரை 100 மெகாபிட், அதற்குப் பிறகு 2 மெகாபிட். ‘நியாயமான பயன்பாட்டு வரம்பு’ என்று அதற்குப் பெயர். இணைப்பை அறுப்பதில்லை, கூடுதல் பணமும் கேட்பதில்லை. அதனால் ‘அன்லிமிடெட்’ என்கிறார்கள். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் பொய் இல்லை. ஆனால் 799 ரூபாய் கொடுப்பவர் வாங்குவது 100 மெகாபிட்டைத்தானே ஒழிய, அறுபடாத ஒரு கம்பியை அல்ல.

சரி, நான்கு பேர் உள்ள வீடு பத்தொன்பதே நாளில் 1000 ஜிபியை எப்படித் தின்றது? நிறுவனத்தின் செயலியில் தினசரிக் கணக்கு இருக்கிறது. அதில் இறக்கியதைவிட ஏற்றியது நான்கு மடங்கு. எங்கள் திட்டத்தில் இரண்டும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. ஏற்றியது வாசலிலும் கொல்லையிலும் மாட்டியிருந்த இரண்டு கேமராக்கள். ஒவ்வொன்றும் இரவு பகலாக 2 மெகாபிட் வேகத்தில் வெளி சர்வருக்குப் படம் அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, இரண்டுக்கும் 43. வீட்டுப் பயன்பாடு ஒரு பத்து. ஆக 53 ஜிபி, பத்தொன்பது நாளில் 1000 தாண்டிவிடும்.

அப்படியானால் குற்றம் எங்கள் மேல்தானே, புகாருக்கு என்ன இடம்? இடம் இருக்கிறது, ஆனால் அது வேகத்தில் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டது. வரம்பு எவ்வளவு, வரம்பு வரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும். வரம்புக்குப் பிறகும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது. 2 மெகாபிட் அதற்கு மேலே இருப்பதால் ‘ஏன் குறைத்தாய்’ என்று கேட்டால் நிற்காது. ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்டால் நிற்கும். எங்களுக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இரண்டாவது புகாரை எழுத்தில் கொடுத்தேன்:

“எங்கள் இணைப்பின் வேகம் 19ஆம் தேதி இரவு முதல் மாதக் கடைசி வரை 2 மெகாபிட்டாகக் குறைக்கப்பட்டது. கேபிள் வழியாக மூன்று வெவ்வேறு நேரங்களில் எடுத்த சோதனைப் படங்களை இணைத்துள்ளேன். இது லைன் பழுது அல்ல. தொழில்நுட்பப் பணியாளரை அனுப்ப வேண்டாம். திட்டத்தை விற்கும்போது தந்த நோட்டீஸில் 1000 ஜிபி வரம்பு குறிப்பிடப்படவில்லை. அதன் நகலும் இத்துடன் உள்ளது. 50, 90 சதவீத எச்சரிக்கைகள் எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டன என்று தெரிவிக்கவும். அனுப்பப்படவில்லையெனில் 11 நாளுக்கான 293 ரூபாயை அடுத்த பில்லில் கழிக்கவும்.”

கோபமாக ஒரு வரி இல்லை. அது என் நல்ல குணத்தால் அல்ல. படிப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் மட்டும் இருக்கட்டும் என்றுதான். ‘பணியாளரை அனுப்ப வேண்டாம்’ என்ற வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் மறுபடியும் வெளிச்சம் அளந்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள்.

புகார் கொடுத்ததும் டாக்கெட் எண் ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமே என்று பலர் நினைக்கிறார்கள். தனி வாடிக்கையாளரின் வழக்கை அது விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். தொலைத்தொடர்புப் புகாருக்கு அங்கே இடமில்லை என்று வாதாடி வந்தார்கள். இடம் உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

எங்களுக்கு எட்டாம் நாள் பதில் வந்தது. எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டனவாம், இரண்டும். போன எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. இணைப்பு போட்டுக் கொடுத்த ஏஜென்ட், விண்ணப்பத்தில் தன் எண்ணையே எழுதியிருந்தார். உங்கள் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள்.

எண்ணை மாற்றினார்கள். 293 ரூபாயைக் கழிக்க மறுத்தார்கள். விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்துதான் என்றார்கள், அதுவும் உண்மை. மேல்முறையீடு போட்டேன். அவர்களுடைய ஏஜென்ட் செய்த பிழைக்கு அவர்களே பொறுப்பு என்பது என் வாதம். அந்த முடிவு வருவதற்குள், 10ஆம் தேதி காலை என் போனில் முதல் எச்சரிக்கை வந்தது: பாதி தீர்ந்துவிட்டது. அன்றே ஏணி போட்டு இரண்டு கேமராவையும் இறக்கி, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றி மாட்டினோம். இப்போது நாளுக்குப் பதினைந்து ஜிபிக்குள் அடங்குகிறது.