ஆறே புத்தகங்களில் ஓர் அலமாரி

புதிய அடுக்குமாடி வீடுகளின் விளம்பரத்தில் வரும் வரவேற்பறைப் படங்கள் பலவும் கேமராவில் எடுத்தவை அல்ல, கணினியில் உருவாக்கியவை. அது பல நேரம் நமக்குத் தெரிவதே இல்லை. சில படங்களில் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஒரு சிவப்பு அட்டை கீழ்த்தட்டிலும் அதே கீறலோடு நிற்கும். அதைப் பார்த்தபின் சோபாவும் சன்னலும்கூடப் போலியாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

எல்லாப் புத்தகங்களையும் தனித்தனியாகச் செய்ய நேரம் கிடையாது. நினைவகமும் தாங்காது. அதனால் முப்பரிமாண மென்பொருள்கள் ஒரு பொருளின் வடிவத்தை ஒரே ஒருமுறை சேமித்துவிட்டு, ஒவ்வொரு நகலுக்கும் இடம், சாய்வு, அளவு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்கின்றன. இலவச மென்பொருளான பிளெண்டரில் `Shift+D` அழுத்தினால் வடிவத்தோடு முழு நகல் பிறக்கும். `Alt+D` அழுத்தினால் பழைய வடிவத்தையே பகிர்ந்துகொள்ளும் நகல் கிடைக்கும். டிஸ்னி நிறுவனம் 'மோனா' படத்தின் தீவுக் காட்சித் தரவை 2018இல் வெளியிட்டபோது அதில் இப்படிப்பட்ட நகல்கள் மட்டும் ஏறத்தாழ 2.8 கோடி இருந்தன. நகல் எடுப்பது தவிர்க்க முடியாதது. அது கண்ணில் படாமல் எப்படிச் செய்வது என்பதை ஓர் அலமாரித் தட்டை வைத்துப் பார்ப்போம்.

தட்டின் நீளம் 90 செ.மீ. நம் கையில் இருப்பவை ஆறு புத்தக மாடல்கள். அதில் முப்பது புத்தகங்கள் நிற்க வேண்டும். ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக வைத்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், தாளம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனவே எல்லாரும் முதலில் நாடுவது குலுக்கலை. ஒவ்வோர் இடத்துக்கும் எந்த மாடல் என்பதைக் கணினியே தோராயமாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆறில் ஒன்றைக் குலுக்கி எடுக்கும்போது, முந்தைய இடத்தில் வந்ததே மறுபடி வர ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முப்பது புத்தகங்களுக்கு இடையே 29 பக்கத்துச் சோடிகள் இருப்பதால், சராசரியாக ஐந்து இடங்களில் ஒரே மாடல் அடுத்தடுத்து நிற்கும். மூன்று சேர்ந்து நிற்பதும் அபூர்வமல்ல. கணக்குப்படி இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டைவிட ஒட்டி நிற்கும் இரண்டைக் கண் எளிதாகப் பிடித்துவிடும். ஆகவே குலுக்கலுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: கடைசியாக வந்த இரண்டு மாடல்களை ஒதுக்கிவிட்டு, மீதி நான்கிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

அடுத்தது உயரம். 17 செ.மீ. முதல் 25 செ.மீ. வரை மனம்போனபடி விட்டால், தட்டு உடைந்த சீப்பைப் போல ஆகிவிடும். நிஜ அலமாரி அப்படி இருப்பதில்லை. அச்சகத்தில் தாள் குறிப்பிட்ட அளவுகளில்தான் வருகிறது. அதை மடித்து வெட்டியே புத்தகம் பிறக்கிறது. கிரவுன் அளவுப் புத்தகங்கள் ஏறத்தாழ 18 செ.மீ., டெமி அளவுப் புத்தகங்கள் ஏறத்தாழ 21.5 செ.மீ. என்று உயரங்கள் சில படிகளில் மட்டுமே நிற்கின்றன. அந்தப் படிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வேறுபடுத்தினால் போதும். தொகுதி நூல்கள் ஒரே உயரத்திலும் ஒரே நிறத்திலும் மூன்று நான்காகச் சேர்ந்து நிற்பதும் வீடுகளில் வழக்கம்தான். அப்படி ஒரு தொகுப்பை வேண்டுமென்றே வைத்துவிட்டால், மற்ற இடங்களில் தெரியும் ஒற்றுமையையும் கண் இயல்பாக ஏற்றுக்கொள்ளும்.

தடிமன் மாறும்போது இடத்தைக் கணக்கிடும் முறையும் மாற வேண்டும். சம இடைவெளியில் வைத்தால் தடித்த நூல் பக்கத்து நூலுக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு நூலும் தனக்கு முன்னால் உள்ள எல்லா நூல்களின் தடிமன்களைக் கூட்டி வரும் புள்ளியில் தொடங்க வேண்டும். பிளெண்டரின் ஜியாமெட்ரி நோட்ஸில் இந்தக் கூட்டலை `Accumulate Field` என்ற நோடு செய்துதரும்.

சராசரித் தடிமன் 2.5 செ.மீ. என்றால் முப்பது நூல்களுக்கு 75 செ.மீ. போகும். மீதி 15 செ.மீ. இடைவெளியில்தான் புத்தகம் சாயும். இடைவெளியே இல்லாத இடத்தில் சாய்வைக் குலுக்கலுக்கு விட்டால் நூல்கள் ஒன்றையொன்று ஊடுருவும். 24 செ.மீ. உயர நூலின் அடி, பக்கத்து நூலிலிருந்து 4 செ.மீ. விலகி இருந்தால், அதன் உச்சி பக்கத்து நூலைத் தொடும்போது சாய்வு சுமார் 9.6 பாகை. இந்தக் கோணத்தை இடைவெளியும் உயரமுமே தீர்மானித்துவிடுகின்றன. குலுக்க எதுவும் இல்லை.

இனி மேற்பரப்பு. நகலைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது வடிவம் அல்ல, அடையாளம்தான்: ஒரு கிழிசல், ஒரு கறை, பளிச்சென்ற ஒரு தலைப்பு. ஆகவே மாடலை அடையாளமே இல்லாமல் செய்துவிட்டு, பழுதையும் நிறத்தையும் பின்னால் ஏற்றுகிறார்கள். பிளெண்டரில் `Object Info` நோடின் `Random` ஒவ்வொரு நகலுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் தரும். அந்த எண்ணை நூறால் பெருக்கி, அழுக்கை வரையும் கணித வடிவத்தின் ஆயங்களோடு கூட்டினால், ஒவ்வொரு நூலும் முடிவற்ற அழுக்குப் பரப்பின் வேறொரு துண்டை எடுத்துக்கொள்ளும். நிறத்துக்கும் அதே எண் உதவும். ஆனால் வானவில் முழுவதையும் திறந்துவிடக் கூடாது. உண்மையான ஓர் அலமாரியைப் படமெடுத்துப் பார்த்தால் வெளிர் மஞ்சள், பழுப்பு, சாம்பல் நிறங்களே அதிகம் தெரியும், பளிச் நிறங்கள் குறைவாகவே இருக்கும். அந்த விகிதத்திலேயே நிறங்களைப் பிரித்துக்கொடுக்க வேண்டும்.

பழக்கூடை வேறு விதம். ஆரஞ்சு ஏறக்குறைய உருண்டை என்பதால், ஒரே பழத்தை எல்லாத் திசையிலும் திருப்பி வைத்தால் பாதிக் கூடை நிறைந்துவிடும். மாம்பழத்துக்குக் காம்பும் மூக்கும் உண்டு. அதற்கு மூன்று நான்கு மாடல்களாவது வேண்டும். பழங்களின் இடத்தையும் குலுக்கலால் தீர்மானிக்க முடியாது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதனால் பழங்களைக் கூடைக்கு மேலே வெவ்வேறு திருப்பங்களில் தொங்கவிட்டு, புவியீர்ப்பைக் கணினியில் இயக்கி விழவைக்கிறார்கள். எல்லாம் உருண்டு அடங்கியபின், அந்த நிலையை அப்படியே நிலைப்படுத்திக்கொள்கிறார்கள்.

மீண்டும் அலமாரி. முதல் தட்டு நன்றாக வந்ததும் அதை அப்படியே நான்கு தட்டுகளுக்கு நகலெடுப்பது பலரும் செய்யும் தவறு. குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் உண்டு, திரையில் அதன் பெயர் `Seed`. எண் ஒன்றாக இருந்தால் குலுக்கலின் விடையும் ஒன்றே. நான்கு தட்டிலும் ஒரே வரிசை வந்து, சிவப்பு நூலுக்கு நேர்கீழே சிவப்பு நூல் நிற்கும். தட்டின் வரிசை எண்ணைத் தொடக்க எண்ணோடு கூட்டிவிட்டால் இது தீரும். அசையும் படத்தில் தொடக்க எண் காட்சி முழுக்க மாறாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அட்டைகள் நிறம் மாறி மினுக்கும்.

வேலை முடிந்ததா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். ஒவ்வொரு மாடலுக்கும் தற்காலிகமாக ஓர் அடர்நிறம் பூசினால், எங்கே கும்பல் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி, நூல்களின் மேல்விளிம்புக் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். ஏற்ற இறக்கம் எங்காவது அதே முறையில் திரும்பி வந்தால் அங்கே கைவைக்க வேண்டும்.

இத்தனைக்கும் எல்லை உண்டு. கேமரா நெருங்கி, முதுகில் உள்ள எழுத்துகள் படிக்கத் தெரிந்தால் ஆறு மாடல்கள் காணாது. அந்த இடத்தில் வரும் ஐந்தாறு நூல்களைத் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். பின்னால் நிற்கும் வரிசையை நகல்கள் பார்த்துக்கொள்ளும்.