முதல் வரியில் இருக்கும் விலை

1992-இல் சைமன்சன், ட்வெர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 170 டாலர், 240 டாலர் விலையில் இரு மினோல்டா கேமராக்களைக் காட்டியபோது, ஆளுக்குப் பாதியாக இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்ததும், 57 சதவீதம் பேர் 240 டாலர் கேமராவுக்குப் போனார்கள். மலிவானதற்கு 22 சதவீதமே மிஞ்சியது.

விலை மாறவில்லை, ஒப்பிடும் அளவுகோல்தான் மாறியது. விலைப்பட்டியலின் உச்சியில் மிக விலையுயர்ந்த பொருளை வைப்பதும் இதற்காகத்தான். முதலில் கண்ணில் படும் தொகையே மனத்தில் அளவாகப் பதிகிறது. அடுத்தவை மலிவாகத் தெரிகின்றன. ஆனால் அந்த உச்ச விலை நம்பும்படி இருக்க வேண்டும்; இல்லையேல் வாடிக்கையாளர் கடையையே சந்தேகிப்பார்.

வாங்குபவர் ஒன்று செய்யலாம்: முதல் வரியைக் கையால் மறைத்துவிட்டு, நடுவிலுள்ள பொருளை அப்போதும் வாங்குவோமா என்று பாருங்கள்.