அக்டோபரில் தொடங்கும் முதல் ஆண்டு

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. 21 லட்சம் ரூபாய்க்குப் புதிய கம்ப்ரசர் வாங்கலாமா என்று அங்கே கணக்குப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையதைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும். மாதம் 50,000 ரூபாய் மிச்சம். ஐந்து ஆண்டுகள் உழைக்கும். ஓடத் தொடங்கும் நாள் 2025 அக்டோபர் 1.

ஆலையின் கணக்கோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதனால் முதல் நிதியாண்டில் கைக்கு வருவது ஆறு மாத மிச்சம், 3 லட்சம்தான். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு 6 லட்சம் வீதம் வரும். 2030 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மீதி 3 லட்சம். முதல் ஆண்டைப் பாதியாக வெட்டுகிறவர்கள் பலர், வால்பகுதியில் நிற்கும் இந்த அரையாண்டைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் மொத்தம் 30 லட்சம் வரும்.

நாளை வரும் பணம் இன்றைய பணத்துக்கு ஈடாகாது. ஆலை தன் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்த்தால், ஓராண்டு கழித்து வரும் தொகையை 1.12ஆல் வகுத்தால் அதன் இன்றைய மதிப்பு கிடைக்கும். இரண்டு ஆண்டு என்றால் 1.12ஐ இருமுறை பெருக்கி வகுக்க வேண்டும். இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை.

தவறு நடப்பது முதல் கட்டத்தில். தாளில் ‘ஆண்டு 1’ என்று எழுதியிருப்பதால் அந்த 3 லட்சத்தையும் 1.12ஆல் வகுத்துவிடுகிறார்கள். ஆனால் அக்டோபர் 1இலிருந்து மார்ச் 31 ஆறே மாதத் தொலைவு. தொகையைப் பாதியாக்கியவர் காலத்தைப் பாதியாக்கவில்லை. அதோடு நிற்பதும் இல்லை. பின்னால் வரும் ஒவ்வோர் ஆண்டும் அரை ஆண்டு தள்ளிப் போய்விடுகிறது. இப்படிப் போட்டால் மொத்த இன்றைய மதிப்பு சுமார் 20.47 லட்சம். விலை 21 லட்சம். ‘வேண்டாம்’ என்று கோப்பு மூடப்படும்.

காலத்தைச் சரியாக எண்ணிப் பார்ப்போம். முதல் மார்ச் 0.5 ஆண்டு, அடுத்தது 1.5, பிறகு 2.5, 3.5, 4.5, கடைசி செப்டம்பர் 5. அடுக்கு எண் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. 1.12இன் அரை அடுக்கு என்பது அதன் வர்க்கமூலம், அதாவது 1.0583. 12இல் பாதி 6 என்று எடுக்கக் கூடாது. ஆறு சதவீதம் இருமுறை கூடினால் ஆண்டுக்கு 12.36 ஆகிவிடும். சரியான அரையாண்டு வீதம் 5.83. இந்தக் கணக்கில் மதிப்பு 21.76 லட்சம். அதே எந்திரம், அதே மிச்சம். தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது.

இதிலும் ஒரு குறை உண்டு. மின்கட்டண மிச்சம் மார்ச் 31 அன்று மொத்தமாக வந்து விழுவதில்லை, மாதாமாதம் வருகிறது. ஆகவே ஒவ்வொரு காலத்துக்கும் அதன் நடுப்புள்ளியை எடுப்பது உண்மைக்கு அருகில் இருக்கும். முதல் ஆறு மாதத்தின் நடு 0.25. அடுத்த நிதியாண்டின் நடு, தொடங்கிய நாளிலிருந்து சரியாக 1. பிறகு 2, 3, 4. கடைசி அரையாண்டுக்கு 4.75. மதிப்பு 22.89 லட்சமாகிறது. மிச்சத்துக்கு நான் இந்த முறையைத்தான் எடுப்பேன். ஆண்டு முடிவில் ஒரே தவணையாக வரும் குத்தகைப் பணம் போன்றவற்றுக்கு முந்தைய முறையே பொருந்தும்.

எக்செலில் `NPV` எல்லா இடைவெளியும் சமம் என்றும், முதல் தொகை ஒரு முழு இடைவெளி கழித்து வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளும். அரையாண்டுத் தொடக்கத்துக்கு அது ஆகாது. `XNPV` தேதிகளைப் பார்த்து, நாட்களை 365ஆல் வகுத்துக் கணக்கிடும். A நிரலில் தேதிகளையும் B நிரலில் தொகைகளையும் இட்டு, முதல் வரியில் அக்டோபர் 1க்கு நேராகக் கழித்தல் குறியுடன் 21 லட்சத்தை வைத்தால் போதும்:

```
=XNPV(12%,B2:B8,A2:A8)
```

எச்சரிக்கை ஒன்று. பாதி ஆண்டு என்றால் பாதிப் பணம் என்பது கம்ப்ரசருக்குச் சரி. தமிழ்நாட்டுக் காற்றாலைக்குச் சரியாகாது. அதன் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் கிடைப்பது. அக்டோபரில் ஓடத் தொடங்கும் காற்றாலையின் முதல் ஆறு மாதத்துக்கு ஆண்டு வருமானத்தில் பாதியை எழுதினால், வராத பணத்தை எழுதியவர்களாவோம். அங்கே மாதவாரியாகத்தான் போட வேண்டும்.

உங்கள் மேசையிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் முதல் கட்டத்தை மட்டும் பாருங்கள். தொகை பாதியாக இருந்து, அதற்குரிய காலம் 1 என்று இருந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.