பட்டை விழுந்த நூலுக்கு ஒரு கடிதம்

சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணியைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் விரிக்கிறார்கள். வெளிர் நீலத்தில் விரலகல மங்கல் பட்டை, மீண்டும் மீண்டும். சாயம் ஏறும்வரை தெரியாத குற்றம் இது. பருத்தியின் முதிர்ச்சியோ கலவையோ வேறுபட்டால், ஒரே தொட்டியில் ஒரு நூல் சாயத்தைக் கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் குடிக்கும்.

மில்லுக்குப் போன் போட்டால், “முதல்ல உங்க நிட்டிங் மெஷினைப் பாருங்க” என்பார்கள். தட்டிக்கழிப்பு மாதிரி இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான். ஒரு ஃபீடரில் நூல் இழுவை மாறினாலும் இதே பட்டை விழும். ஆகவே கடிதத்துக்கு முன் ஒரு சோதனை: சந்தேகமான கோனை வேறு ஃபீடருக்கு மாற்றி, ஒரு மீட்டர் ஓட்டிச் சாயமிட வேண்டும். பட்டை கோனோடு நகர்ந்தால் நூலில் குற்றம். பழைய ஃபீடரிலேயே நின்றால் மெஷினில். லாட் கலந்திருந்தால், புற ஊதா விளக்கின்கீழ் கோன்கள் வெவ்வேறு சாயலில் ஒளிர்ந்து காட்டிக்கொடுப்பதும் உண்டு.

இனிக் கடிதம். கோபத்துக்கு அதில் இடமில்லை, லாட் நம்பருக்குத்தான் இடம். இப்படி எழுதலாம்:

“ஐயா, தங்கள் பில் எண் ..., தேதி ...-ன்படி 30-ஆம் நம்பர் கோம்டு நூல், லாட் எண் ..., 50 கிலோ மூட்டை 20 பெற்றோம். 12 மூட்டைகளை ஓட்டிச் சாயமிட்டதில் பட்டை விழுந்துள்ளது. கோனை ஃபீடர் மாற்றி ஓட்டியபோது பட்டையும் உடன் மாறியது. துணித் துண்டு, கோன் லேபிள், படங்கள் இணைத்துள்ளோம். அவிழ்க்காத 8 மூட்டைகளுக்கு வேறு லாட் நூல் தரவும். இயலாவிட்டால் கிரெடிட் நோட் தரவும். ஓட்டிய 600 கிலோவுக்கான விலைக்குறைப்பை, தங்கள் ஆள் நேரில் பார்த்தபின் பேசிக்கொள்ளலாம். நான்கு நாளில் ஆளை அனுப்பக் கோருகிறோம்.”

ஓட்டியதையும் ஓட்டாததையும் பிரித்ததில்தான் கடிதத்தின் பலம். முழு 1,000 கிலோவுக்கும் பணம் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும். மூட்டை நூலைத் திருப்பித் தரலாம், துணியானதைத் தர முடியாது. கிலோ ரூ.300 என்று வைத்துக்கொண்டால், 8 மூட்டைக்கு ரூ.1,20,000, 5 சதவீத ஜிஎஸ்டி ரூ.6,000 சேர்த்து ரூ.1,26,000.

இந்தத் தொகையைத் தாமே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறவர்கள் உண்டு. சிக்கல் வரியில் வரும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை விற்றவர்தான் போட வேண்டும். வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியில் ரூ.6,000-ஐத் திருப்ப வேண்டும். அந்த நோட்டை, நூல் விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கலாகும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் காட்டியாக வேண்டும்.

தாமதத்துக்கு வேறொரு விலையும் உண்டு. நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் சரக்கை வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் கொள்ளும். பட்டை தெரிந்த அன்றே மின்னஞ்சல் போய்விட வேண்டும். மில் ஆள் வரும்வரை அந்த 8 மூட்டைகளும் தைத்த வாயோடு அப்படியே கிடக்கட்டும்.