1 வெள்ளியும் லஞ்சம்தான்

உள்ளகப் பயிற்சிக்குச் சேரும்போது பல நிறுவனங்கள் நன்னடத்தை விதிகளில் நம்மிடம் கையெழுத்து வாங்குகின்றன. அவற்றில் நலன் முரண்பாடு, அன்பளிப்பு, வெளிவேலை ஆகிய மூன்றும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். 'பயிற்சி மாணவருக்கு யார் லஞ்சம் தரப்போகிறார்கள்?' என்று என் நண்பர்கள் பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

ஆனால், தொகையோ பதவியோ சிறியது என்பதால் சட்டம் விட்டுவிடுவதில்லை. சிங்கப்பூரில் கொள்கலன் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இருவர்மீது 2018ல் குற்றஞ்சாட்டப்பட்டது. தாமதமின்றிக் கொள்கலன்களை ஏற்றி இறக்க, லாரி ஓட்டுநர்களிடம் அவர்கள் பெற்றதாகக் கூறப்பட்ட தொகை சில வேளைகளில் வெறும் 1 வெள்ளி.

நமது ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். 'எங்கள் தொழிலில் இது வழக்கம்' என்ற வாதத்தை அது ஏற்பதில்லை. ரொக்கம் மட்டுமல்ல, கடன், வேலை, கழிவு போன்றவையும் கையூட்டாகலாம்.

அந்த மூன்று விதிகளும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒரு நிகழ்ச்சிக்கு 500 டி-சட்டைகள் அச்சிட, மூன்று கடைகளிடம் விலை கேட்கும் பொறுப்பு பயிற்சி மாணவி ஒருவருக்குத் தரப்படுகிறது. அவற்றில் ஒன்று அவருடைய மாமாவின் கடை. வாரயிறுதியில் அங்கே சம்பளத்திற்கு வடிவமைப்பும் செய்கிறார். தீபாவளிக்கு மாமா 100 வெள்ளி பற்றுச்சீட்டு தருகிறார்.

மாமா கேட்கும் விலையே ஆகக் குறைவு என்றால் சிக்கல் இல்லையே என்று தோன்றலாம். மற்ற இருவரின் விலைகளைப் பார்த்தவர் அந்த மாணவிதான். அவர் எதையும் சொல்லாவிட்டாலும், சொல்லவில்லை என்று நிரூபிக்க வழியில்லை. தவறு செய்தால்தான் நலன் முரண்பாடு என்றில்லை. தனிப்பட்ட உறவு முடிவைப் பாதிக்கக்கூடிய இடத்தில் ஒருவர் இருந்தாலே முரண்பாடு வந்துவிடுகிறது.

விலைகள் வந்துசேரும் முன்பே, உறவையும் வாரயிறுதி வேலையையும் அவர் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் பின்னர் ஆதாரம் இருக்காது. அடுத்து, விலை கேட்பது முதல் தேர்வுவரை அந்த வேலை இன்னொருவரிடம் போக வேண்டும். பற்றுச்சீட்டையும் அவர் தெரிவிக்க வேண்டும். குடும்ப அன்பளிப்புதான் என்றாலும், தந்தவர் அதே நேரத்தில் நிறுவனத்திடம் வாய்ப்பு எதிர்பார்ப்பவர். அதை வைத்துக்கொள்ளலாமா என்பதை நிறுவனமே முடிவுசெய்யும். தெரிவித்துவிட்டதாலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று கருத முடியாது.

இதே மாணவி வாரயிறுதியில் துணைப்பாடம் நடத்தியிருந்தால், விதிகளின்படி அனுமதி மட்டும் கேட்டிருந்தால் போதும். வெளிவேலை யாருக்காக என்பதைப் பொறுத்தே அது முரண்பாடாகிறது.